ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் புறாக் கூடு: எச்சத்தை எப்படி அகற்றுவது, வலையை எங்கே கட்டுவது?

நான்காம் தளம்:

வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் தளத்தில் வசிக்கிறோம். சமையலறையை ஒட்டி, துணி துவைக்கும் இயந்திரம் வைப்பதற்கென்று ஒரு சிறிய பால்கனி இருக்கிறது. அதன் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிமெண்ட் திட்டில் ஏசியின் அவுட்டோர் யூனிட்டை வைத்திருக்கிறார்கள். யூனிட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள ஒரு சாண் இடைவெளியில் புறா கூடு கட்டியிருக்கிறது; அதில் இப்போது இரண்டு குஞ்சுகள் உள்ளன. உடம்பெல்லாம் கறுத்த இறகுக் குருத்து வந்துவிட்டது, தலையிலும் கழுத்திலும் மட்டும் மஞ்சள் மயிர் இன்னும் மிச்சமிருக்கிறது. திட்டின் மேல் எச்சம் இரண்டு விரற்கடை உயரத்துக்கு இறுகிப்போயிருக்கிறது. பால்கனித் தரையிலும் துணிக் கொடியிலும் நாள்தோறும் புதிதாக விழுகிறது.

என் மாமியார்தான் காலையில் அதைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளுவார். சில வாரங்களாக அவருக்கு வறட்டு இருமல் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மழைக்காலச் சளி என்று சொல்லி மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துவருகிறார்.

வலை கட்டுபவர் ஒருவரை அழைத்துக் கேட்டோம். கைப்பிடிச் சுவருக்கு உட்புறமாக ஒரே நாளில் கட்டிவிடலாம், குஞ்சுகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டால் போதும் என்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. எச்சத்தை எதைக் கொண்டு அகற்றுவது, குஞ்சுகளை என்ன செய்வது, அவர் சொல்கிறபடி வலை கட்டினால் பயன் இருக்குமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அம்பத்தூர் அன்பு:

இதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. பிளீச்சிங் பவுடரை நன்றாகத் தூவுங்கள், அதன் மேல் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கொஞ்சம் ஊற்றுங்கள், பொங்கி அடங்கியதும் குழாயை வேகமாகத் திறந்து அடித்துவிடுங்கள். கிருமியும் செத்துவிடும், கறையும் போய்விடும். எங்கள் மொட்டை மாடியில் இப்படித்தான் செய்தோம், வெள்ளைவெளேர் என்று ஆகிவிட்டது.

கட்டடப் பராமரிப்பு:

அன்பு ஐயா சொல்வதில் ஒரு பாதி சரி. மறுபாதியைத் தயவுசெய்து யாரும் செய்துபார்க்க வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கிருமிநாசினி என்பது உண்மைதான். ஆனால் அதன் மேல் ஆசிட்டை ஊற்றினால் பொங்கி வருவது குளோரின் வாயு. காற்றோட்டமுள்ள மொட்டை மாடியில் அது கலைந்து போயிருக்கும். மூன்று பக்கமும் சுவர் உள்ள சிறிய பால்கனியில், குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கும் ஒருவருடைய முகத்துக்கு நேராக அது எழும்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆசிட் இல்லாமல் பிளீச்சை மட்டும் ஈர எச்சத்தின் மேல் ஊற்றினாலும் சிக்கல் உண்டு. எச்சத்திலிருந்து வரும் அம்மோனியாவோடு அது சேர்ந்து கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் வேறொரு வாயுவை உண்டாக்கும். போதாததற்கு, அழுக்கின் மேலேயே பிளீச்சின் வீரியம் தீர்ந்துபோவதால் அடியிலுள்ள கிருமிக்கு அது போய்ச் சேராது. ஆகவே முதலில் எச்சத்தை முழுவதும் வழித்தெடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரும் வடிந்த பிறகுதான் பிளீச்சை எடுக்க வேண்டும்.

ஆசிட்டால் கறை போகிறது என்பதும் பாதிதான் உண்மை. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். அது வெறும் தண்ணீரிலும் கரையாது, ஆசிட்டிலும் கரையாது. உங்கள் மாடியில் கரைந்தது எச்சத்துக்கு அடியிலிருந்த சிமெண்டின் மேற்பூச்சாக இருக்கும். யூரிக் அமிலத்தை இளக்குவது காரம். ஒரு வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடாவும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்தால் போதும். ஆனால் அந்தத் தண்ணீர் அவுட்டோர் யூனிட்டின் பின்புறமுள்ள மெல்லிய அலுமினியத் தகடுகளில் படக் கூடாது. காரம் அலுமினியத்தை அரிக்கும், ஆசிட்டும் அரிக்கும். அந்தத் தகடுகளை வெறும் தண்ணீரால் மென்மையாகக் கழுவும் வேலையை ஏசி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

இவற்றையெல்லாம்விட முதலில் நிறுத்த வேண்டியது துடைப்பம். காய்ந்த எச்சத்தைக் கூட்டும்போது கண்ணுக்குத் தெரியாத தூள் கிளம்புகிறது, ஆபத்து அதில்தான் இருக்கிறது. குழாயை வேகமாகப் பாய்ச்சினாலும் காய்ந்த தூள் நீர்த்துளிகளோடு சேர்ந்து காற்றில் பறக்கும். வீட்டிலுள்ள சாதாரண வாக்குவம் கிளீனர் இன்னும் மோசம். முன்னால் உறிஞ்சிய நுண்தூளைப் பின்புறத் துளைகள் வழியாக அறைக்குள்ளேயே ஊதிவிடும்.

மதுரை செவிலியர்:

நெஞ்சக நோய்ப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். அம்மா, பால்கனியைச் சுத்தம் செய்வதற்கு முன்பே உங்கள் மாமியாரை நெஞ்சக மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் புறா இருக்கிறது, நாள்தோறும் எச்சத்தைக் கூட்டுகிறார் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பல நோயாளிகள் அதை ஒரு செய்தியாகவே கருதாமல் விட்டுவிடுகிறார்கள்.

புறா என்றதும் எல்லோரும் கிருமியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எச்சத்தில் வளரும் பூஞ்சைகளாலும் பாக்டீரியாவாலும் நோய் வருவது உண்மைதான், குறிப்பாக நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் எங்கள் பிரிவில் நாங்கள் மிகுதியாகப் பார்ப்பது தொற்று அல்லாத ஒரு நோய். எச்சத்திலும் இறகுத் தூளிலும் இருக்கும் புரதத்தை மாதக்கணக்கில் சுவாசித்துக்கொண்டே இருந்தால், சிலருடைய நுரையீரல் அதை எதிரியாகப் பாவித்து அழற்சி கொள்கிறது. அதற்குக் கிருமியே தேவையில்லை. இந்தியாவின் பல நகரங்களிலிருந்து திரட்டி 2017-இல் வெளியிடப்பட்ட ஒரு பதிவேட்டில், நுரையீரல் திசு நோயோடு புதிதாக வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த வகை அழற்சிதான் இருந்தது. பறவைகளோடு ஏர் கூலர், பூஞ்சை பிடித்த சுவர் போன்றவையும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன.

இந்த நோயின் அடையாளம் நீங்கள் எழுதியதுதான்: வாரக்கணக்கில் நீடிக்கும் வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குதல். சிலருக்கு எச்சத்தைக் கூட்டிய சில மணி நேரத்துக்குப் பிறகு காய்ச்சலும் உடல்வலியும் வந்து மறுநாள் போய்விடும். அதைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணிவிடுவார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம் என்பதால், தேவையென்று கருதினால் மருத்துவர் சிடி ஸ்கேனும் மூச்சுத் திறன் சோதனையும் எழுதித் தருவார். உங்கள் மாமியாருக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. வயதானவர்களுக்கு இருமலுக்குக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். எப்படியானாலும் சுத்தம் செய்யும் நாளில் அவர் வீட்டிலேயே இருக்க வேண்டாம்.

வியாசர்பாடி கூண்டு:

தலைப்பைப் பார்த்ததும் யாரோ கூண்டு அமைப்பது பற்றிக் கேட்கிறார்கள் என்று எண்ணி வந்தேன். நாங்கள் தலைமுறையாகப் பந்தயப் புறா வளர்ப்பவர்கள். எங்கள் தாத்தா எண்பது வயது தாண்டி இருந்தார். புறாவினால் வீட்டில் யாருக்கும் எதுவும் வந்ததில்லை. காலையில் கொஞ்சம் இருமல் இருக்கும், அது பனிக்கு எல்லோருக்கும் வருவதுதான். புறாவை விஷப் பூச்சியைப் போலப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குஞ்சுகளைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன். இறகுக் குருத்து வந்து தலையில் மட்டும் மஞ்சள் மயிர் மிச்சமிருக்கிறது என்றால் ஏறக்குறைய மூன்று வார வயது. நாலு, ஐந்து வாரத்தில் பறந்துவிடும். அதாவது இன்னும் இரண்டு வாரம் போதும். இப்போது எடுத்து வெளியே வைத்தால் காக்கைக்கு இரையாகும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: குஞ்சு முழுவதும் பறப்பதற்கு முன்பே தாய் அடுத்த ஈடு முட்டையை வேறொரு மூலையில் இட்டுவிடும். அப்புறம் முட்டை பொரிய பதினெட்டு நாள், குஞ்சு பறக்க ஒரு மாதம் என்று உங்கள் கணக்கு நீண்டுகொண்டே போகும். ஆகவே பூந்தொட்டிக்குப் பின்னால், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் எல்லாம் தினமும் பாருங்கள். குச்சி கிடந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். முட்டை இல்லாத வெறும் குச்சியை எடுப்பதில் பாவம் இல்லை.

இன்னொன்று, பெரிய புறாவைப் பிடித்துத் தாம்பரத்தில் கொண்டுபோய் விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது வந்துவிடும்.

மதுரை செவிலியர்:

ஐயா, குஞ்சுகளைப் பற்றி நீங்கள் சொன்னது மிகவும் பயனுள்ளது. இந்த அழற்சி எல்லோருக்கும் வருவதில்லை என்பதும் உண்மை. ஆயினும் புறா வளர்ப்பவர்களுக்கு வருவதால்தான் அந்த நோய்க்கு ஆங்கில மருத்துவ நூல்களில் பறவை வளர்ப்போர் நுரையீரல் என்றே ஒரு பெயர் வழங்குகிறது. காலை இருமல் பனி இல்லாத சித்திரையிலும் இருக்கிறதா என்று மட்டும் கவனித்துப் பாருங்கள்.

வியாசர்பாடி கூண்டு:

பார்க்கிறேன். ஆனால் புறாவை விடச் சொன்னால் விட மாட்டேன்.

கோவைக் குமரன்:

மீயொலி என்று சொல்லி, மனிதர் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். புறா அதன் மேலேயே உட்காருகிறது. பழைய சிடித் தட்டுகளைத் தொங்கவிட்டபோது சில நாள்கள் வரவில்லை, பிறகு பழகிவிட்டது. வாங்க நினைப்பவர்கள் பணத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

கட்டடப் பராமரிப்பு:

நமக்குக் கேட்காத அந்த உயர்ந்த ஒலி புறாவுக்கும் கேட்காது. அதன் காது அந்த அளவுக்கு மேலே போவதில்லை. நாப்தலின் உருண்டையும் அப்படித்தான், திறந்த வெளியில் அதனால் பயனில்லை. குழந்தை எடுத்து வாயில் போட்டால்தான் வினை.

கேள்வி கேட்டவருக்கு வருகிறேன். இரண்டு வாரம் பொறுக்கலாமா என்பதை மாமியாரைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். பொறுப்பதானால் அதுவரை பால்கனிக் கதவை மூடி வையுங்கள், கதவின் அடி இடுக்கில் ஈரத் துணியைச் சுருட்டி வையுங்கள், துணியை வேறிடத்தில் உலர்த்துங்கள், தரையில் புதிதாக விழுவதை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். திட்டின் மேல் இறுகியிருப்பதை அசைக்காதவரை அது பெரிதாகத் தூள் எழுப்பாது.

சுத்தம் செய்யும் நாளில் வெயில் ஏறுவதற்கு முன் தொடங்குங்கள். ஏசியின் மின்சாரத்தை மெயின் பெட்டியிலேயே அணைத்துவிடுங்கள். சமையலறை ஜன்னலையும் எக்ஸாஸ்ட் மின்விசிறித் துளையையும் பிளாஸ்டிக் தாளால் ஒட்டி மூடுங்கள். செய்பவருக்கு என்95 முகக்கவசம் வேண்டும். துணிக் கவசமும் அறுவை சிகிச்சைக் கவசமும் போதா. தாடி வைத்தவர் அணிந்தால் ஓரத்தில் இடைவெளி விழுந்து என்95-ம் பயன் தராது. கண்ணாடி, ரப்பர் கையுறை, துவைத்துவிடக்கூடிய முழுக்கைச் சட்டை ஆகியவையும் தேவை.

இரண்டு விரற்கடை உயரத்துக்கு இறுகிய எச்சம் தெளித்தவுடன் நனையாது. மேலே ஈரமாகத் தெரியும், சுரண்டினால் உள்ளே காய்ந்த தூள் கிளம்பும். அப்படிக் கிளம்பினால் நிறுத்திவிட்டு மறுபடியும் நனைக்க வேண்டும் என்று பொருள். பழைய பருத்தித் துணிகளையோ சாக்கையோ அதன் மேல் விரித்து, சோடாத் தண்ணீரைப் பூவாளியால் மெதுவாக ஊற்றி, ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு பெயிண்டர்கள் பட்டி பூசும் தகட்டால் வழித்தால் களிமண்ணாக உருண்டு வரும். அதையும் கூட்டின் குச்சிகளையும் துணிகளையும் தடித்த பையில் போட்டு, கட்டி, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர். கடைசியாக ஒரு பங்கு திரவ பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, ஈரம் பத்து நிமிடம் நிற்கும்படி பூசிவிட்டுக் கழுவுங்கள். கையுறையைக் கழுவிக் கழற்றிய பிறகு, முகக்கவசத்தைக் கடைசியாகக் கழற்ற வேண்டும். பலர் வேலை முடிந்ததும் அதைத்தான் முதலில் கழற்றுகிறார்கள்.

திட்டு கைப்பிடிச் சுவருக்கு வெளியே இருக்கிறது என்றீர்கள். நான்காம் தளத்தில் சுவர் மேல் சாய்ந்து நீங்கள் அந்த வேலையைச் செய்யக் கூடாது. எச்சத்தால் வருவதைவிடப் பெரிய ஆபத்து அது. இடுப்பில் கயிறு கட்டி வேலை செய்யும் ஏசி மெக்கானிக்கிடமோ வலை கட்டுபவரிடமோ அந்தப் பகுதியை ஒப்படையுங்கள். அவருக்கும் என்95 கவசத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள், நனைக்கும் வேலையை உள்ளிருந்து நீங்களே முடித்து வையுங்கள். விட்டால் அவர்கள் காய்ந்ததையே சுரண்டிக் கீழே தள்ளுவார்கள்.

நான்காம் தளம்:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: அவுட்டோர் யூனிட் வழியாக இந்தத் தூள் படுக்கையறைக்குள் வருமா? மாமியார் அறையில்தான் அந்த ஏசி இருக்கிறது.

கட்டடப் பராமரிப்பு:

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை. அறையிலுள்ள காற்றைத்தான் சுழற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே போவது செப்புக் குழாயில் ஓடும் குளிர்வாயு மட்டுமே. ஆனால் அந்தக் குழாய் சுவரில் நுழையும் ஓட்டையைப் பாருங்கள். பல வீடுகளில் அதை அடைக்காமலேயே விட்டிருப்பார்கள், தூளும் கூட்டிலுள்ள சிறு பூச்சிகளும் அதன் வழியாக வரும். குஞ்சுகள் பறந்த பிறகு கூட்டை அப்படியே விட்டுவைத்தால், இரத்தம் உறிஞ்ச ஆள் இல்லாத பேன் போன்ற பூச்சிகள் வீட்டுக்குள் இறங்கிவிடும். ஆகவே பறந்த உடனே கூட்டை அகற்றி, ஓட்டையைப் புட்டியோ சிமெண்ட்டோ வைத்து அடையுங்கள்.

வலையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கைப்பிடிச் சுவருக்கு உட்புறமாகக் கட்டினால் பால்கனி தப்பிக்கும், திட்டு தப்பிக்காது. யூனிட்டுக்குப் பின்னால் உள்ள இடம் இன்னும் அமைதியாகிவிடும். புறா அங்கேயே கூடு கட்டும், உங்களால் இனி கையை நீட்டிக் குச்சியை எடுக்கவும் முடியாது. திட்டையும் யூனிட்டையும் உள்ளடக்கியே வலை வர வேண்டும். கட்டட அமைப்பு அதற்கு இடம் தராவிட்டால் பால்கனிக்கு வலையும், யூனிட்டின் இரு பக்கமும் மேலேயும் கம்பி வலையும் என்று இரண்டு வேலையாகச் செய்யுங்கள். அங்கே தகரத்தாலோ பலகையாலோ அடைத்துவிடாதீர்கள். யூனிட் பின்புறமிருந்துதான் காற்றை இழுக்கிறது. அடைத்தால் கம்ப்ரசர் சூடேறி மின்கட்டணம் உயரும். துத்தநாகம் பூசிய ஒரு அங்குலக் கம்பி வலை காற்றை விடும், புறாவை விடாது. மெக்கானிக் கழற்றி மாட்டும்படி ஒரு பக்கத்தைத் திருகால் பொருத்தச் சொல்லுங்கள். யூனிட்டின் மேல்தளத்தில் தகடு ஒன்றைச் செங்குத்தான சரிவாக வைத்தால் மேலே உட்காரவும் முடியாது.

நூல் வலையில் கண் அளவு இரண்டு அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வெயிலுக்குத் தாங்கும் என்று சொல்லி விற்பதையே வாங்குங்கள். கொக்கிகள் ஓர் அடிக்கு ஒன்று வீதம் இருக்க வேண்டும், நம் கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் தொய்ந்து குழி விழும் வலையில் பறவை சிக்கிச் சாகும். மூலையில் உள்ளங்கை அளவு இடைவெளி விட்டாலும் புறா அதைக் கண்டுபிடித்துவிடும்.

அம்பத்தூர் அன்பு:

ஆசிட் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். வலைக்குப் பதில் முள் பட்டை வைத்தால் செலவு குறையுமே?

கட்டடப் பராமரிப்பு:

குறுகலான ஜன்னல் விளிம்புக்கு அது பொருந்தும். அகலமான திட்டில் ஒரு வரிசை முள்ளை மட்டும் வைத்தால், புறா அதன் மேல் குச்சிகளைச் செருகிக் கூட்டை இன்னும் உறுதியாகக் கட்டிக்கொள்ளும். பெருங்குடியில் ஒரு குடியிருப்பில் அப்படிக் கட்டிய கூட்டை முள் பட்டையோடு பெயர்த்தெடுத்தோம்.

நான்காம் தளம்:

நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மருத்துவர் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் அழற்சி இருக்கிறது, புறா காரணமாக இருக்கக்கூடும், உறுதியாகச் சொல்ல இன்னும் சோதனைகள் வேண்டும் என்றார். மாமியாரை அன்றே நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். குஞ்சுகள் பறக்கும்வரை பொறுத்தோம். இரண்டில் ஒன்று பறந்த பிறகும் மற்றது திட்டிலேயே சில நாள் உட்கார்ந்திருந்தது. இயந்திரத்துக்குப் பின்னால் குச்சிகள் சேரத் தொடங்கியிருந்தன, எடுத்துவிட்டோம்.

சாக்கு விரித்து ஊறவைத்தது நன்றாக வேலை செய்தது. யூனிட்டின் கால்களுக்கு அடியில் மட்டும் நனையாமல் காய்ந்து கிடந்ததால் மீண்டும் ஊற்ற வேண்டியிருந்தது. திட்டையும் சேர்த்து வெளிப்புறமாக வலை கட்டியாயிற்று. சங்கத்தில் கட்டடத்தின் முகப்பு கெடுகிறது என்று ஓர் ஆட்சேபம் எழுந்து, சுவரின் நிறத்திலேயே வலை கேட்டார்கள்.

இன்னும் தீராத ஒன்று, இரண்டாம் தளத்தில் ஒரு பெரியவர் காலையில் புறாக்களுக்குக் கம்பு இறைக்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. மாமியார் இப்போது வீட்டுக்குத் திரும்பலாமா என்பதும் கேள்வியாக இருக்கிறது.

மதுரை செவிலியர்:

திரும்புவதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். கழுவிய பிறகும் அந்தப் புரதம் வீட்டுத் தூசியில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். அவர் அறையின் திரைச்சீலை, மெத்தை விரிப்பு, ஏசியின் உட்புற வடிகட்டி எல்லாவற்றையும் துவையுங்கள், மின்விசிறி இறக்கையை ஈரத் துணியால் துடையுங்கள். வந்த பிறகு இருமல் கூடினால் அதையே ஒரு தடயமாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வியாசர்பாடி கூண்டு:

தீனி போடும் பெரியவரைத் திட்டி நிறுத்த முடியாது. மும்பையில் 2025-இல் தாதரிலுள்ள புறாத் தீனி மேடையைத் தார்பாய் போட்டு மூடியபோது எவ்வளவு பெரிய போராட்டம் நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். எவ்வளவு நாளாகப் போடுகிறாரோ அவ்வளவு பழக்கம் புறாவுக்கும் இருக்கும். கட்டடத்தைவிட்டுத் தள்ளி, ஒரு திறந்த இடத்தில் குறைந்த அளவு போடச் சொல்லிப் பாருங்கள். என் பேச்சைக் கேட்டு எங்கள் தெருவில் ஒருவர் அப்படி மாற்றிக்கொண்டார்.

கட்டடப் பராமரிப்பு:

அதில் எனக்கு உடன்பாடில்லை. தள்ளிப் போட்டாலும் எண்ணிக்கை குறையாது. உங்கள் வலையில் மோதாமல் பக்கத்துக் கட்டடத்தின் திட்டைத் தேடும். மாமியாரின் உடல்நிலையை அந்தப் பெரியவரிடம் நேரில் சொல்லுங்கள், சங்கக் கூட்டத்தில் வைத்துச் சொல்லாதீர்கள். வலையைப் பொறுத்தவரை, பெருமழைக்குப் பிறகு ஒரு முறை மூலைக் கொக்கிகளை இழுத்துப் பாருங்கள். முதலில் நெகிழ்வது அவைதான்.